டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த வீடியோல ஓடுற இருட்டுப் பட்டையை எப்படி சரி பண்றது

வீடியோ எடுக்கும்போது கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து ப்ளே பண்ணா செவுத்துல இருட்டா ஒரு பட்டை மேலயும் கீழயுமா ஓடிக்கிட்டே இருக்கும், இல்லன்னா மொத்த படமும் துடிக்கிற மாதிரி இருக்கும். மறுபடியும் ஷூட் பண்ண வழி இருந்தா அதைத்தான் முதல்ல பண்ணணும், ஆனா நிறைய நேரம் அந்த நிகழ்ச்சி முடிஞ்சு போயிருக்கும், கையில இருக்கிறது அந்த ஒரு கிளிப் மட்டும்தான். அதை எப்படி முடிஞ்ச அளவு காப்பாத்துறதுன்னு ஒரே ஒரு கேஸை எடுத்து முழுசா சொல்றேன். தேவைப்படுறது டெர்மினல்ல கமாண்ட் அடிச்சு ஓட்டுற `ffmpeg`ங்கிற வீடியோ டூல் மட்டும்தான், இலவசம், கமாண்டை அப்படியே காப்பி பண்ணிக்கலாம், ஆனா ஒவ்வொரு எண்ணும் எதுக்குன்னு புரிஞ்சாத்தான் உங்க கிளிப்புக்கு மாத்த முடியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல பட்டை எங்கிருந்து வருதுன்னு பாத்துடுவோம். பழைய சோக் வெச்ச டியூப்லைட், கரண்ட் ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் ஒரு தடவை பிரகாசமாகி மங்கும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னா விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவை. எலெக்ட்ரானிக் சோக் வெச்ச டியூப் பல ஆயிரம் ஹெர்ட்ஸ்ல ஓடுறதால பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்ல. கேமரா சென்சார் என்ன பண்ணும்னா ஒரு ஃப்ரேமை ஒரே சமயத்துல பிடிக்காது, மேல் வரிசைல ஆரம்பிச்சு ஒவ்வொரு வரிசையா கீழ இறங்கி படிக்கும். விளக்கு பிரகாசமா இருந்தப்போ படிச்ச வரிசைகள் வெளிச்சமா வரும், மங்கினப்போ படிச்ச வரிசைகள் இருட்டா வரும், அதுதான் பட்டை. ஒரு ஃப்ரேம்ல ரெண்டு இருட்டுப் பட்டை தெரிஞ்சா, 100 துடிப்பு விளக்குல, உங்க சென்சார் மேல இருந்து கீழ வரை படிக்க சுமார் 20 மில்லிசெகண்ட் எடுத்துக்குதுன்னு அர்த்தம்.

இப்போ இதுல முக்கியமான விஷயம். துடிப்பு எண்ணிக்கையை ஃப்ரேம் ரேட்டால வகுத்துப் பாருங்க. 100-ஐ 30-ஆல வகுத்தா 3.333 வரும். அதாவது ஒரு ஃப்ரேம்ல இருந்து அடுத்த ஃப்ரேமுக்குள்ள விளக்கு மூணு முழுத் துடிப்பும் மேல ஒரு மூணுல ஒரு பங்கும் துடிச்சிருக்கும், அந்த மூணுல ஒரு பங்குதான் பட்டையை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கொஞ்சம் நகத்துது. மூணு ஃப்ரேம் ஆனதும் சரியா 10 துடிப்பு முடிஞ்சு பட்டை மறுபடி பழைய இடத்துக்கே வந்துடும். அப்போ மூணு ஃப்ரேமோட சராசரி எடுத்தா, எந்த வரிசையா இருந்தாலும், விளக்கோட மேடும் பள்ளமும் பெருமளவு அடிபட்டுப் போகும். இந்த "எத்தனை ஃப்ரேமுக்கு ஒருக்கா திரும்புது"ங்கிற எண்ணை வெச்சுத்தான் மொத்த வேலையும் நடக்குது. 24 ஃப்ரேம்ல 100 துடிப்புன்னா 6 ஃப்ரேம், 60 ஃப்ரேம்ல 100 துடிப்புன்னா 3, 25 ஃப்ரேம்ல 120 துடிப்புன்னா 5.

புதுசா வர்றவங்க பெரும்பாலும் தேடிப் பாத்து முதல்ல போடுறது `deflicker`ங்கிற ஃபில்டரை. போட்டுட்டு ஒண்ணுமே மாறலன்னு விட்டுடுறாங்க. அந்த ஃபில்டர் மேல தப்பு இல்ல, அது பாக்கிறது மொத்த ஃப்ரேமோட சராசரி வெளிச்சத்தை. ஒரு ஃப்ரேம்ல ரெண்டு இருட்டுப் பட்டை, ரெண்டு வெளிச்சப் பட்டை இருந்தா, அது எங்க நகந்தாலும் மொத்த சராசரி கிட்டத்தட்ட அதேதான், அதனால அதுக்கு சரி பண்ண எதுவுமே தெரியாது. மொத்த படமும் ஒரே சீரா துடிக்கிற கிளிப்புக்கு, டைம்லாப்ஸுக்கு, அது நல்லா வேலை செய்யும். பட்டைக்கு வேற வழிதான்.

கிளிப்பை தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் செக் பண்ணணும். ஒண்ணு, ஒரிஜினல் ஃபைல் கையில இருக்கணும். மெசேஜ் ஆப்ல அனுப்பி வந்த ஃபைல்ல ஃப்ரேம் ரேட்டே மாறிப் போயிருக்கலாம், நடுவுல ஃப்ரேம் விழுந்திருந்தா அந்த மூணு ஃப்ரேம் கணக்கு செல்லாது. அதே காரணத்துக்காக ஸ்டெபிலைஸ், ஸ்லோ மோஷன், ஃப்ரேம் ரேட் மாத்துறது எல்லாத்தையும் இந்த வேலைக்கு அப்புறம்தான் பண்ணணும். குறிப்பா ஸ்டெபிலைஸ் முன்னாடியே பண்ணிட்டா வரிசைகள் எல்லாம் மேல கீழ நகந்து சாஞ்சு போயிடும், பட்டையும் கூடவே ஆடும், அப்புறம் எந்த வரிசை எப்போ படிச்சதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

ரெண்டாவது, ஃப்ரேம் ரேட் நிஜமா என்னன்னு `ffmpeg` கூடவே வர்ற `ffprobe` வெச்சு பாக்கணும், `in.mp4`ங்கிற இடத்துல உங்க கிளிப்போட பேர்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 in.mp4
```

`30/1` வந்தா 30, `30000/1001` வந்தா 29.97. `r_frame_rate`, `avg_frame_rate` ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நல்லா வித்தியாசப்பட்டா அது மாறிக்கிட்டே இருக்கிற ஃப்ரேம் ரேட், போன்ல இது சகஜம். லேசான வித்தியாசம்னா பயப்பட வேண்டாம்.

அடுத்து பட்டையை கண்ணால பாக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப பிடிச்சது இதுதான். ஒவ்வொரு ஃப்ரேம்ல இருந்தும் நடுவுல ஒரு ஒல்லியான செங்குத்துத் துண்டை வெட்டி, 60 ஃப்ரேமோட துண்டுகளை பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஒரே படமாக்கிடலாம்:

```
ffmpeg -i in.mp4 -vf "crop=16:ih:iw/2:0,tile=60x1" -frames:v 1 slit.png
```

இந்தப் படத்துல இடமிருந்து வலமா போறது நேரம். பட்டை இருந்தா இருட்டுத் திட்டு ஒவ்வொரு துண்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியோ ஏறியோ படிக்கட்டு மாதிரி தெரியும், எத்தனை துண்டுக்கு ஒருக்கா அதே இடத்துக்கு வருதுன்னு விரல் வெச்சு எண்ணிக்கலாம். 3 வந்தா 3. கணக்குப் போட்டு வந்த எண்ணும் இங்க எண்ணி வந்ததும் ஒத்துப் போகணும், ஒத்துப் போகலன்னா படத்துல எண்ணினதை நம்புங்க. உங்க கிளிப் வேற மாதிரின்னா `iw/2`ங்கிற இடத்துல `iw/4` போட்டு, செவுரு மாதிரி வெறுமையா அசையாம இருக்கிற இடத்தை வெட்டிக்கோங்க, ஆள் நடமாடுற இடத்தை வெட்டினா ஒண்ணும் புரியாது.

நான் சமீபத்துல சரி பண்ணின ஒரு கிளிப்பையே எடுத்துக்கறேன். சின்ன ரூம், சோக் வெச்ச நாலு டியூப், 50 ஹெர்ட்ஸ் கரண்ட், வெள்ளை போர்டு முன்னாடி ஒருத்தர் எழுதி விளக்குறார், போன் ஸ்டாண்ட்ல இருக்கு, 1920க்கு 1080, 30 ஃப்ரேம். ஜன்னல் வெளிச்சமும் சேந்து வந்ததால போன் தானாவே ஷட்டரை ரொம்ப வேகமாக்கிடுச்சு, அதனால பட்டை நல்லா அழுத்தமா விழுந்திருந்தது. போர்டுல ஒரே இடத்தை, அடுத்தடுத்த மூணு ஃப்ரேம்ல அளந்தப்போ வெளிச்சம் 205, 172, 190ன்னு வந்தது. நாலாவது ஃப்ரேம்ல மறுபடி 205 பக்கத்துல.

மூணையும் கூட்டினா 567, சராசரி 189. அப்போ முதல் ஃப்ரேம்ல அந்த இடத்தை 0.92-ஆல பெருக்கணும், ரெண்டாவதுல 1.10-ஆல, மூணாவதுல 0.99-ஆல, அவ்வளவுதான், மூணுமே 189 ஆயிடும். இங்க கூட்டிக் கழிக்காம ஏன் பெருக்கறோம்னா, விளக்கு மங்கும்போது வெள்ளைப் பொருள் நிறைய இழக்கும், கறுப்புப் பொருள் கொஞ்சமா இழக்கும், ரெண்டுக்கும் ஒரே விகிதம். ஒரே அளவை கூட்டினா கறுப்பு எழுத்து வெளிறிப் போயிடும்.

"அப்போ நேரா மூணு ஃப்ரேமையும் சேத்து கலந்துடலாமே"ன்னு தோணும். `tmix=frames=3`ன்னு போட்டா பட்டை போயிடும்தான், ஆனா எழுதுற கை மூணு கையா தெரியும். அதனால படத்தை கலக்கக்கூடாது, வெளிச்சத்தோட அளவை மட்டும் கலக்கணும். எப்படின்னா, ஒவ்வொரு ஃப்ரேமையும் 16க்கு 108ங்கிற ரொம்ப சின்ன படமா சுருக்கிடறோம், அதுல எழுத்து, கை, முகம் எதோட விவரமும் இருக்காது, எந்த உயரத்துல எவ்வளவு வெளிச்சம்ங்கிறது மட்டும்தான் மிஞ்சும். அந்த சின்ன படத்துல மூணு ஃப்ரேம் சராசரி எடுத்து, அதை இப்போதைய ஃப்ரேமோட சின்ன படத்தால வகுத்தா, எங்க எவ்வளவு பெருக்கணும்ங்கிற வரைபடம் கிடைச்சிடும். அதை பெருசாக்கி ஒரிஜினல் ஃப்ரேமோட பெருக்கிடறோம். ஒரிஜினலோட ஷார்ப்னஸ் அப்படியே இருக்கும், கையும் ஒரே கைதான்.

முதல்ல 10 செகண்ட் மட்டும் ஓட்டிப் பாருங்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்குப் போடுறதால இது மெதுவாத்தான் ஓடும்:

```
ffmpeg -ss 20 -t 10 -i in.mp4 -filter_complex "[0:v]scale=in_color_matrix=bt709,format=gbrp12le,split[o][p];[p]scale=16:108:flags=area,split[c][d];[d]tmix=frames=3[t];[t][c]blend=all_expr='clip(1024*A/max(B,16),600,1700)',scale=1920:1080:flags=bilinear[g];[o][g]blend=all_expr='min(4095,A*B/1024)',scale=out_color_matrix=bt709,format=yuv420p[v]" -map "[v]" -map "0:a?" -c:v libx264 -crf 16 -c:a copy out.mp4
```

பாக்க நீளமா இருந்தாலும் நாம மேல பேசினதுதான் உள்ள இருக்கு. `gbrp12le`ன்னு போட்டிருக்கிறது ரெண்டு காரணத்துக்கு. ஒண்ணு, 12 பிட்ல கணக்குப் போட்டா வெறும் செவுத்துல கோடு கோடா படி விழாது. இன்னொண்ணு, சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனியா சரி பண்ண முடியும். டியூபுக்குள்ள பூசியிருக்கிற பாஸ்பர் எல்லாம் ஒரே வேகத்துல மங்காது, அதனால இருட்டுப் பட்டை வெறும் இருட்டா மட்டும் இருக்காது, நிறமும் சாயும், பெரும்பாலும் லேசா மஞ்சளா. வெளிச்சத்தை மட்டும் சரி பண்ணா அந்த மஞ்சள் கறை ஓடிக்கிட்டே இருக்கும். 1024ங்கிறது கமாண்டுக்குள்ள "1"ங்கிறதுக்கு பதிலா வர்ற எண், நம்ம போர்டு கணக்குல 1.10 வந்த இடத்துல சுமார் 1125ன்னு உக்காரும். `clip` போட்டு 600, 1700ன்னு வேலி கட்டினது எங்கயாவது கணக்கு தப்பிப் போனா படம் ரொம்ப கெட்டுப் போகாம இருக்க. ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் சரியா வராது, ஏன்னா அதுக்கு முன்னாடி சராசரி எடுக்க ஃப்ரேமே இல்ல, அதை வெட்டிடுங்க.

நீங்க மாத்த வேண்டியது மூணு இடம். `frames=3`ல நீங்க எண்ணின எண்ணைப் போடணும். `1920:1080`ல உங்க கிளிப்போட அளவு. அப்புறம் போனை நெட்டுக்கு நிமித்திப் பிடிச்சு எடுத்திருந்தா சென்சாரும் சேந்து திரும்பிடும், பட்டை செங்குத்தா நிக்கும், அப்போ `16:108`ஐ `108:16`ன்னு திருப்பிப் போட்டு, அளவை `1080:1920`ன்னு போடணும். இந்த ஒண்ணை மறந்துட்டு "வேலையே செய்யல"ன்னு சொல்றவங்க நிறைய.

முடிஞ்சதும் கண்ணை மட்டும் நம்பாதீங்க, நாலு தடவை அதே கிளிப்பை பாத்தா கண் பழகிப் போயிடும். `out.mp4`க்கும் அதே துண்டு ஒட்டுற கமாண்டை ஓட்டி ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. படிக்கட்டு காணாம போயி போர்டு ஒரே சீரா இருந்தா சரி, கமாண்டுல இருக்கிற `-ss 20 -t 10`ஐ எடுத்துட்டு முழு கிளிப்புக்கும் ஓட்டிடுங்க. படிக்கட்டு மங்கலா இன்னும் இருந்தா எண்ணினது தப்பு, பெரும்பாலும் நிஜ எண் நீங்க போட்டதோட இரட்டிப்பா இருக்கும். ஃப்ரேம் ரேட் மாறிக்கிட்டே இருக்கிற கிளிப்னா சரியான எண்ணே கிடைக்காது, அங்க 9 இல்ல 15ன்னு பெருசா போட்டுப் பாருங்க, முழுசா அடிபடாட்டியும் நல்லாவே குறையும்.

கை வேகமா அசையிற இடத்துல சுத்தி ஒரு மங்கலான ஒளிவட்டம் மாதிரி வந்தா, காரணம் என்னன்னா 16 கட்டத்துல ஒரு கட்டத்துக்குள்ள கை நுழைஞ்சதும் அந்தக் கட்டம் திடீர்னு இருட்டாகுது, கமாண்ட் அதையும் விளக்கு மங்கினதா நினைச்சு ஏத்திவிடப் பாக்குது. 16-ஐ 8 ஆக்குங்க, கட்டம் அகலமானா ஒரு கையால சராசரி பெருசா மாறாது. ஆனா உடனே 8ல ஆரம்பிக்காதீங்க, ஏன்னா பெரிய ஹால்ல டியூப்களை மூணு ஃபேஸ்ல பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க, ஒவ்வொரு ஃபேஸும் வேற வேற நேரத்துல துடிக்கும், இடது பக்கம் பட்டை ஒரு உயரத்துலயும் வலது பக்கம் வேற உயரத்துலயும் இருக்கும். அந்த மாதிரி கிளிப்புக்கு கட்டம் நிறைய இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சரியாகும். கேமராவை வேகமா திருப்பின இடங்கள்ல மட்டும் இது நல்லா வராது, அங்க ஒரிஜினலையே விட்டுடறது மேல், திரும்புற வேகத்துல பட்டை அவ்வளவா கண்ணுக்குத் தெரியாது.

இதால சரி பண்ண முடியாத விஷயமும் இருக்கு. 100 துடிப்புல 25 ஃப்ரேம்னா சரியா 4 வரும், 120ல 30ன்னாலும் சரியா 4, அப்போ பட்டை நகராம ஒரே இடத்துல நின்னுடும். எல்லா ஃப்ரேமும் ஒரே மாதிரி இருக்கிறதால சராசரி எடுத்து எதுவும் கிடைக்காது, அது விளக்கோட நிழலா இல்ல செவுத்தோட நிறமான்னு கமாண்டுக்குத் தெரிய வழியே இல்ல. எடிட்டர்ல அந்தப் பட்டை மேல ஓரம் மென்மையா ஒரு மாஸ்க் போட்டு கையாலதான் வெளிச்சம் ஏத்தணும். 120 துடிப்புல 29.97ன்னா இன்னும் கஷ்டம், பட்டை ரொம்ப மெதுவா ஊர்ந்து ஒரு சுத்து வர சுமார் 250 ஃப்ரேம், அதாவது எட்டு செகண்டுக்கு மேல எடுத்துக்கும். `frames=250` போட்டுப் பாக்கலாம், சராசரி எடுக்கிறது சின்ன படத்துலங்கிறதால மெமரி தாங்கும், பழைய `ffmpeg` அவ்வளவு பெரிய எண்ணை ஏத்துக்காது, புதுசை போட்டுக்கோங்க. ஆனா அந்த எட்டு செகண்டும் கேமரா அசையக்கூடாது, ஆள் எழுந்து நடந்தாலே பின்னாடி அவர் இருந்த தடம் தெரியும்.

அப்புறம் வெளிச்சப் பட்டைல போர்டு முழு வெள்ளையா வெடிச்சுப் போயிருந்தா அங்க எழுத்து மீளாது, வெள்ளைக்கு பதிலா ஒரு தட்டையான சாம்பல்தான் வரும். இருட்டுப் பட்டையை ஏத்தும்போது அதோட இரைச்சலும் ஏறும், அதனால பட்டை போனதுக்கு அப்புறமும் ஒரு புள்ளிப் புள்ளியான திரை மெல்ல ஓடுற மாதிரி இருக்கலாம். லேசா ஒரு டீநாய்ஸ் போட்டா அடங்கும், அதையும் இதுக்கு அப்புறம்தான் போடணும். டாவின்சி ரிசால்வோட காசு கொடுத்து வாங்குற ஸ்டுடியோ பதிப்புல டீஃப்ளிக்கர்னு ஒரு எஃபெக்ட் இருக்கு, அதுல `Fluoro Light`னு ஒரு செட்டிங் இதுக்குன்னே வெச்சிருக்காங்க, அது கையில இருந்தா முதல்ல அதைப் போட்டுப் பாத்துட்டு, ஒத்து வரலன்னா இங்க வாங்க.

அதே ரூம்ல அடுத்த தடவை எடுக்கிறீங்கன்னா போன்ல ஷட்டரை கையால செட் பண்ற ஆப் வெச்சு, 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 1/100 இல்ல 1/50, 60 ஹெர்ட்ஸுக்கு 1/120 இல்ல 1/60ன்னு லாக் பண்ணிடுங்க. அப்போ ஒவ்வொரு வரிசையும் விளக்கோட முழுத் துடிப்பையும் வாங்கிக்கும், மேல இருக்கிற வரிசை கீழ இருக்கிற வரிசை எல்லாத்துக்கும் ஒரே வெளிச்சம். வெளிச்சம் அதிகமாப் போனா ஷட்டரை ஏத்தாதீங்க, ஐஎஸ்ஓவை குறைங்க, அதுக்கும் அடங்கலன்னா ஜன்னல் திரையை இழுத்து விடுங்க.